சந்தா லாபமாகாது

எங்கள் முதலீட்டுக் குழுவில் பத்துப் பேர். ஆளுக்கு மாதம் 2,000 ரூபாய் போட்டுப் பங்குகள் வாங்குகிறோம். ஆடிட்டரைக் கேட்டு ஒரு கூட்டாண்மைப் பத்திரம் எழுதிக்கொண்டோம். வெளியாரிடம் ஒரு ரூபாயும் வாங்குவதில்லை. மாதத்தின் இரண்டாவது ஞாயிறு காலையில், மருந்துக்கடை வைத்திருக்கும் நண்பரின் வீட்டு மாடியில் கூடுவோம். கணக்கு என் பொறுப்பு. முந்தைய மாதத்துக்கான அறிக்கையை இரண்டு பக்கத்தில் அச்செடுத்துக்கொண்டு போவேன்.

ஒரு கூட்டத்தில் தபால் துறையில் ஓய்வு பெற்ற நண்பர் அறிக்கையைக் கையில் வாங்கியதும் முதல் வரியையும் கடைசி வரியையும் மட்டும் பார்த்தார். மாதத் தொடக்கத்தில் 6,00,000. மாத முடிவில் 6,32,000. பேனாவால் ஓரத்தில் வகுத்துப் பார்த்துவிட்டு, "5.3 சதவீதம் சார்! நிஃப்டி மூணுதானே ஏறியிருக்கு? நாம ஜெயிச்சுட்டோம்" என்றார். மாடியே கலகலத்தது.

நாங்கள் ஜெயிக்கவில்லை. அந்த மாதம் நிஃப்டியைவிட ஒரு சதவீதம் பின்தங்கியிருந்தோம். அவர் செய்த கணக்கில் கூட்டல் கழித்தல் பிழை ஒன்றுமில்லை. அந்த 32,000 ரூபாயில் 20,000 நாங்களே எங்கள் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் போட்ட சந்தா என்பதுதான் விஷயம். சிறு குழுக்களின் மாத அறிக்கையில் எல்லாவற்றையும் கெடுக்கக்கூடிய பிழை இது ஒன்றுதான். இதைச் சரிசெய்யாமல் எத்தனை வரைபடம் போட்டாலும் பயனில்லை.

இந்தப் பிழை உலகப் புகழ் பெற்றது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பியர்ட்ஸ்டவுன் என்ற சிற்றூர். 1983இல் அங்கே பெண்கள் சிலர் சேர்ந்து ஒரு முதலீட்டுக் குழு தொடங்கினார்கள். பெரும்பாலும் வயதானவர்கள். மாதம் 25 டாலர் சந்தா. தங்களுக்குத் தெரிந்த நிறுவனங்களாகப் பார்த்துப் பங்கு வாங்கினார்கள். 1984 முதல் 1993 வரை ஆண்டுக்குச் சராசரியாக 23.4 சதவீதம் ஈட்டியதாக அவர்கள் கணக்கு சொன்னது. அந்த எண்ணை முன்வைத்து அவர்கள் எழுதிய புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது. தொலைக்காட்சிகள் அவர்களைத் தேடி வந்தன. 1998இல் சிகாகோ நகரத்துப் பத்திரிகை ஒன்று, அந்தப் புத்தகத்தில் சிறு எழுத்தில் இருந்த ஒரு குறிப்பைப் பிடித்துக்கொண்டது. உறுப்பினர்கள் கட்டிய சந்தாவும் அந்த 23.4இல் சேர்ந்திருக்கிறது என்பதுதான் அந்தக் குறிப்பு. பிறகு பிரைஸ் வாட்டர்ஹவுஸ் என்ற தணிக்கை நிறுவனம் கணக்கை முதலிலிருந்து போட்டது. அதே பத்தாண்டில் உண்மையான வருமானம் ஆண்டுக்கு 9.1 சதவீதம். அந்தக் காலத்தில் அமெரிக்கச் சந்தைக் குறியீடான எஸ் அண்ட் பி 500 தந்ததோ 14.9 சதவீதம்.

அந்தப் பெண்கள் யாரையும் ஏமாற்றக் கிளம்பியவர்கள் என்று நான் நினைக்கவில்லை. எங்கள் மாடியில் அந்தத் தபால் நண்பர் செய்ததை அவர்கள் பத்தாண்டு செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான். சிறு குழுவில் சந்தா பெரிய தொகை. முதலீடு சின்னத் தொகை. எங்கள் குழுவின் இரண்டாவது மாதத்தில் 20,000 ரூபாய் 40,000 ஆனது. அதை வளர்ச்சி என்று எழுதினால் ஒரே மாதத்தில் நூறு சதவீதம்! வருடங்கள் போகப்போக மொத்தத் தொகை பெருத்து, சந்தாவின் பங்கு சுருங்கும். அப்போது பிழையும் சுருங்கிக் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். அதுதான் இன்னும் ஆபத்து.

இதற்கு மருந்து யூனிட் கணக்கு. மியூச்சுவல் ஃபண்டில் என்.ஏ.வி. என்று சொல்கிறார்களே, அதேதான். அமெரிக்காவில் 1951 முதல் முதலீட்டுக் குழுக்களுக்கு வழிகாட்டிவரும் சங்கம் ஒன்று உண்டு. அது தன் குழுக்களுக்குக் கற்றுத்தருவதும் இந்த முறையைத்தான். நாங்கள் முதல் மாதம் ஒரு யூனிட் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டோம். 20,000 ரூபாய்க்கு 200 யூனிட். அதன்பின் ஒவ்வொரு மாத முடிவிலும், புதுச் சந்தாவைத் தொடுவதற்கு முன்னால், கையில் இருக்கும் எல்லாப் பங்குகளின் அன்றைய முடிவு விலையையும் வங்கியில் இருக்கும் பணத்தையும் கூட்டி, இருக்கும் யூனிட்டுகளால் வகுக்கிறோம். வருவதுதான் அன்றைய யூனிட் மதிப்பு. புதுச் சந்தா அந்த விலையில் புது யூனிட் வாங்கும்.

நண்பர் கொண்டாடிய மாதத்தையே எடுத்துக்கொள்வோம். கணக்கு எளிதாகப் புரிய வேண்டும் என்பதற்காக எண்களை முழுதாக்கியிருக்கிறேன். மாதத் தொடக்கத்தில் 4,800 யூனிட்; மதிப்பு 6,00,000; ஆக ஒரு யூனிட் 125 ரூபாய். மாத முடிவில், சந்தா சேர்ப்பதற்கு முன், மதிப்பு 6,12,000. அதை 4,800ஆல் வகுத்தால் 127.50. 125 ரூபாய் 127.50 ஆகியிருக்கிறது. இரண்டு சதவீதம். இதுதான் அந்த மாதம் எங்கள் பங்குகள் சம்பாதித்தது. பிறகு 20,000 ரூபாய் சந்தா 127.50 வீதம் 156.86 யூனிட் வாங்கியது. இப்போது 4,956.86 யூனிட், 6,32,000 ரூபாய். வகுத்துப் பாருங்கள், அதே 127.50 வரும். சந்தா வந்ததால் யூனிட் எண்ணிக்கை கூடியது; யூனிட் மதிப்பு நகரவில்லை. சந்தா சேர்த்த பிறகு யூனிட் மதிப்பு ஐந்து பைசா நகர்ந்தாலும் எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தம். நான் மாதாமாதம் பார்க்கும் முதல் சோதனை அதுதான்.

யூனிட் கணக்கு நியாயத்துக்கும் உதவும். எங்களில் ஒருவர் இரண்டு மாதம் சந்தா கட்டத் தவறினார். வருத்தமும் இல்லை, வாக்குவாதமும் இல்லை. அவருக்கு யூனிட் குறைவு, அவ்வளவுதான். தாமதமாகக் கட்டினால் பழைய விலைக்கு யூனிட் கிடையாது, அடுத்த மாத முடிவின் விலைக்குத்தான் என்பது மட்டும் கண்டிப்பு. இல்லாவிட்டால் சந்தை ஏறிய மாதத்தில் எல்லோரும் தாமதமாகக் கட்டிப் பழைய விலையைக் கேட்பார்கள்.

இனி வரைபடங்கள். தொடக்கத்தில் நான் ஏழெட்டு வரைபடம் போட்டுக்கொண்டு போவேன். வண்ண வண்ணமாக வட்டம், பட்டை எல்லாம் இருக்கும். பார்த்துவிட்டு, "அருமை அண்ணே" என்று மடித்து வைத்துவிடுவார்கள். இப்போது மூன்றுதான்.

முதல் வரைபடத்தில் இரண்டு கோடுகள். ஒன்று எங்கள் யூனிட் மதிப்பு. மற்றொன்று நிஃப்டி 50. இரண்டும் நாங்கள் தொடங்கிய நாளில் 100இல் இருந்து கிளம்புகின்றன. இங்கே ஒரு கண்ணி உண்டு. செய்தியில் தினமும் வாசிக்கும் நிஃப்டியில் டிவிடெண்ட் சேராது. எங்கள் வங்கிக் கணக்கிலோ டிவிடெண்ட் வந்து விழுகிறது, யூனிட் மதிப்பிலும் சேர்கிறது. டிவிடெண்டோடு கூடிய நம் கணக்கை, டிவிடெண்ட் இல்லாத குறியீட்டோடு ஒப்பிட்டால் ஆண்டுக்கு ஒரு சதவீதத்தை ஒட்டி நமக்குச் சும்மா சலுகை கிடைத்துவிடும். டிவிடெண்டையும் சேர்த்துக் கணக்கிடும் 'டோட்டல் ரிட்டர்ன் இண்டெக்ஸ்' தனியாக வெளியாகிறது. 2018 பிப்ரவரியிலிருந்து மியூச்சுவல் ஃபண்டுகள் அதனோடுதான் தங்களை ஒப்பிட வேண்டும் என்று செபி சொல்லிவிட்டது. பத்துப் பேர் குழுவுக்கும் அதே அளவுகோல்தான் நியாயம். அந்தக் கோடு 27 மாதத்தில் 131இல் நின்றது. எங்கள் கோடு 127.50.

இரண்டாவது வரைபடம் படிக்கட்டு போல இருக்கும். நாங்கள் இதுவரை போட்ட மொத்தப் பணம் மாதாமாதம் 20,000 ஏறும் படிகள். அதன்மேல் வளைந்து நெளிந்து போகும் கோடு முதலீட்டின் மதிப்பு. படிக்கும் கோட்டுக்கும் இடையே உள்ள இடைவெளிதான் லாபம். புதுச் சந்தா சேர்வதற்கு முன், 27 தவணையாகப் போட்டது 5,40,000, மதிப்பு 6,12,000, இடைவெளி 72,000. தபால் நண்பருக்கு சந்தா எது, லாபம் எது என்று ஒரு பார்வையில் புரியவைத்தது இந்தப் படம்தான்.

ஆனால் அவர் உடனே இன்னொரு நல்ல கேள்வி கேட்டார். "போட்ட பணத்துக்கு 72,000ன்னா 13.3 சதவீதம்தான் வருது. யூனிட் 100லேர்ந்து 127.50ன்னா 27.5 சதவீதம். எது சார் நிஜம்?" இரண்டும் நிஜம். முதல் மாதம் போட்ட 20,000 ரூபாய் மட்டும்தான் 27 மாதமும் வேலை செய்திருக்கிறது. கடைசியாகப் போட்ட 20,000 ஒரு மாதமே வேலை செய்தது. சராசரியாக ஒரு ரூபாய் 14 மாதம்தான் சந்தையில் இருந்திருக்கிறது. 27 மாதத்தில் 27.5 என்றாலும், 14 மாதத்தில் 13.3 என்றாலும், ஆண்டுக் கணக்கில் இரண்டும் 11 சதவீதத்தை ஒட்டியே வருகின்றன. இதை விரல்விட்டு எண்ண வேண்டியதில்லை. எக்செல்லில் ஒரு பத்தியில் தேதிகள், அடுத்த பத்தியில் போட்ட தொகைகள் கழித்தல் குறியோடு, கடைசி வரியில் இன்றைய மதிப்பு. பிறகு இந்தச் சூத்திரம்:

```
=XIRR(B2:B29, A2:A29)
```

இந்த இரண்டாவது வரைபடத்தில் மெல்லிய கோடு ஒன்றையும் சேர்த்திருக்கிறேன். நாங்கள் பங்கு தேர்ந்தெடுக்காமல், அதே தேதிகளில் அதே 20,000 ரூபாயை ஒரு நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதுதான் அந்த நிழல் கணக்கு. அது 6,24,000 காட்டியது. நாங்கள் 6,12,000. இரண்டேகால் வருடம் ஞாயிறுதோறும் ஆண்டறிக்கை படித்ததன் விலை 12,000 ரூபாய் என்று அந்தக் கோடு சொல்கிறது. இதைப் பார்க்க எங்களுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அறிக்கையிலிருந்து இந்தக் கோட்டை எடுக்கக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

மூன்றாவது, பங்குகளின் விலை வரைபடங்கள். இதில் நான் செய்த ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். முன்பு ஒரு மாதம் எங்கள் யூனிட் மதிப்பு திடீரென்று 3.5 சதவீதம் இறங்கியது. வாகன உதிரிபாக நிறுவனம் ஒன்றின் விலை 840இல் இருந்து 420க்கு, மலை உச்சியிலிருந்து விழுந்தது போல் ஒரே நாளில் விழுந்திருந்தது. ஒருவர் "உடனே வித்துடலாம்ணே" என்றார். ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்திருந்தார்கள். 50 பங்கு 100 ஆகிவிட்டது, விலை பாதியானது. புதுப் பங்குகள் டீமேட் கணக்கில் வந்து சேராத அந்த இடைவெளியில் மாதக் கடைசி வந்துவிட்டது. நான் பழைய 50 பங்கையும் புது விலையையும் பெருக்கிவிட்டேன். 42,000 ரூபாய்ப் பங்கு 21,000 ஆனது அப்படித்தான். அந்த மாதச் சந்தாக்காரர்கள் எல்லோருக்கும் மலிவு விலையில் யூனிட் போயிருந்தது; முழு மாதக் கணக்கையும் திருத்தி எழுதினேன். ஒரே நாளில் விலை சரிபாதியாகவோ ஐந்தில் ஒன்றாகவோ விழுந்து, செய்தி எதுவும் கண்ணில் படாவிட்டால், போனஸா, பங்குப் பிரிப்பா என்று முதலில் பார்க்க வேண்டும். இப்போது அறிக்கை போடுமுன் எல்லாப் பங்கின் எண்ணிக்கையையும் டீமேட் அறிக்கையோடு சரிபார்ப்பதோடு, அந்த மாதத்து நிறுவன அறிவிப்புகளையும் பார்த்துவிடுகிறேன்.

மாத லாபமான 12,000 எங்கிருந்து வந்தது என்பதை அடுத்து எழுதுவோம். அந்த மாதம் ஒரு தனியார் வங்கிப் பங்கு மட்டும் 1,40,000இல் இருந்து 1,54,000 ஆகி 14,000 தந்தது. குழாய் தயாரிக்கும் நிறுவனம் ஒன்று 8,000 தின்றது. மற்ற பத்துப் பங்குகளும் டிவிடெண்டும் சேர்ந்து 6,000. அந்த ஒரு வங்கியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் மாதம் 2,000 ரூபாய் நஷ்டம். பன்னிரண்டு பங்கு வைத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். நடப்பில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருக்கிறோம் என்று அப்போதுதான் தெரிந்தது.

'கற்றுக்கொண்டது' என்ற பகுதிதான் எழுதக் கடினமானது. ஆரம்பத்தில் நாங்கள் எழுதியவை "சந்தை சரியில்லை", "பொறுமை வேண்டும்" மாதிரியானவை. எந்த மாதத்துக்கும் பொருந்தும் வாக்கியங்கள் அவை, அதனாலேயே உபயோகமற்றவை. பிறகு மருந்துக்கடை நண்பர் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். பங்கு வாங்கும் அன்றே, ஏன் வாங்குகிறோம், என்ன நடந்தால் நாம் நினைத்தது தப்பு என்று இரண்டு வரி நோட்டில் எழுதிவிட வேண்டும். மாத அறிக்கையில் பாடம் என்று எழுதுவது அந்த இரண்டு வரியோடு நடந்ததை ஒப்பிட்டுத்தான். விலையை வைத்துப் பாடம் எழுதக் கூடாது.

அந்தக் குழாய் நிறுவனத்தைப் பற்றி நோட்டில் இப்படி இருந்தது: "விற்பனை ஆண்டுக்கு 20 சதவீதம் வளர்கிறது. வளர்ச்சி 10க்குக் கீழே போனால் மறுபரிசீலனை." விற்பனை நாங்கள் நினைத்தபடியே வளர்ந்திருந்தது. பிறகு ஏன் விலை விழுகிறது? கூட்டத்தில் ஆண்டறிக்கையைப் பிரித்து உட்கார்ந்தோம். மருந்துக்கடைக்காரர் நேராகப் போய் நின்ற இடம், வாடிக்கையாளர்கள் தர வேண்டிய பாக்கி. அவருக்கு அது பழகிய வலி. கடன் சொல்லி மருந்து வாங்கிப் போனவர்களின் நோட்டு அவர் கல்லாவில் எப்போதும் இருக்கும். பாக்கியை ஆண்டு விற்பனையால் வகுத்து 365ஆல் பெருக்கினால், சரக்கு கொடுத்த பிறகு பணம் வர எத்தனை நாள் ஆகிறது என்று தெரியும். முந்தைய ஆண்டு 60 நாள். இந்த ஆண்டு 95. நிறுவனம் லாபம் காட்டியிருக்கிறது. ஆனால் பணப்புழக்க அறிக்கையில், தொழிலிலிருந்து வந்த ரொக்கம் கழித்தல் குறியோடு இருந்தது. சரக்கை டீலர்களின் கிடங்குக்குத் தள்ளி, விற்றதாகக் கணக்கெழுதினாலும் இப்படி வரும். அரசு ஒப்பந்தங்களில் பணம் தாமதமானாலும் இப்படி வரும். எது என்று எங்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் நாங்கள் வாங்கிய அன்றே இந்த எண்களில் பாதி பக்கத்திலேயே இருந்தன. நாங்கள் பார்க்கவில்லை.

அந்த மாதம் அறிக்கையில் எழுதிய பாடம் இவ்வளவுதான்: "விற்பனை வளர்ச்சியைப் பார்த்து வாங்கினோம், பணம் வசூலாகிறதா என்று பார்க்கவில்லை. இனி வாங்கும் முன் மூன்று ஆண்டு வசூல் நாட்களையும் தொழில் ரொக்கத்தையும் நோட்டில் எழுத வேண்டும்."

அடுத்து செய்ய வேண்டியவை என்ற பகுதியில் மூன்று வரிக்கு மேல் எழுதுவதில்லை. ஒவ்வொரு வரியிலும் யார் செய்வது, எந்தத் தேதிக்குள் என்பது இருக்க வேண்டும். அந்த மாதம் எழுதியவை: வங்கிப் பங்கு மொத்தத்தில் 24 சதவீதத்தைத் தாண்டிவிட்டது, எங்கள் வரம்பு 20. விற்றால் வரி வரும் என்பதால் விற்காமல், புதுச் சந்தாவில் ஒரு ரூபாய்கூட அதில் போடாமல் இருப்பது. இதை நான் பார்த்துக்கொள்வது. மற்ற பதினோரு பங்குக்கும் வசூல் நாட்களைக் கணக்கிடும் வேலையைத் தபால் நண்பரும் கல்லூரி ஆசிரியை அக்காவும் அடுத்த கூட்டத்துக்குள் முடிப்பது. குழாய் நிறுவனத்தின் அரையாண்டு முடிவு வந்த ஏழு நாளுக்குள், மருந்துக்கடை நண்பர் வசூல் நாட்களைப் பார்ப்பது; 80க்கு மேல் இருந்தால் விற்பது, கீழே வந்திருந்தால் வைத்திருப்பது. அரையாண்டு முடிவு என்று குறிப்பாக எழுதியதற்குக் காரணம் உண்டு. எல்லாக் காலாண்டிலும் நிறுவனங்கள் சொத்து, கடன், பாக்கி விவரம் வெளியிடுவதில்லை. செப்டம்பரோடு முடியும் அரையாண்டுக்கும் மார்ச்சோடு முடியும் ஆண்டுக்கும்தான் அது கட்டாயம். இடையில் வருவது பெரும்பாலும் லாப நஷ்டக் கணக்கு மட்டுமே.

80 என்ற எண்ணை முடிவு வருவதற்கு முன்பே எழுதி வைத்ததில்தான் விஷயம் இருக்கிறது. முடிவைப் பார்த்த பிறகு உட்கார்ந்தால், பத்துப் பேருக்கும் பத்து நியாயம் தோன்றும்.

முடிவு வந்தது. வசூல் நாட்கள் 88. 95இல் இருந்து குறைந்திருக்கிறதே, இன்னும் ஒரு தடவை பார்க்கலாமே என்று ஆசிரியை அக்கா வாதாடினார்; அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் எழுதியது 80. விற்றோம். அதற்கடுத்த மாதம் அந்தப் பங்கு நாங்கள் விற்ற விலையைவிட ஆறு சதவீதம் மேலே போனது. அந்த மாத அறிக்கையில் விற்ற விலையையும் அன்றைய விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். கீழே, '88 நாள்' என்பதையும் எழுதினேன். ஓராண்டுக்கு அந்த வரியை எடுக்காமல் ஒவ்வொரு மாதமும் புது விலையோடு தொடர்ந்து எழுதுவது என்று முடிவு செய்தோம்.